டெகோ மெஷ்: கடைக்காரர் கணக்கிலிருந்து எங்கள் கைக்கு வந்த கதை, 14 மாத அனுபவத்தோடு

பாளையங்கோட்டையில் அப்பாவின் வீடு பழைய காலத்துக் கனமான சுவர். ஹாலில் இருக்கும் வைஃபை மாடிக்கு ஏறாது. அதற்காக, ஒரே வைஃபையை வீடு முழுக்கப் பரப்பும் மெஷ் பெட்டிகளான டிபி-லிங்க் டெகோ மூன்று வாங்கி, சிசிடிவி மாட்ட வந்த டெக்னீஷியனிடமே பொருத்தச் சொன்னோம். ஹாலில் ஒன்று, மாடியில் ஒன்று, பின்கட்டில் ஒன்று. இரண்டு வருடம் எந்தக் குறையும் இல்லை, பெட்டிகள் இருப்பதே மறந்துபோயிருந்தது.

ஒரு நாள் அப்பா கூப்பிட்டார். "பாப்பா, பக்கத்துக் காம்பவுண்டு பசங்க பூரா நம்ம நெட்டுலதான் இருக்கானுவ. பாஸ்வேர்டை மாத்திக் குடு." என் போனில் டெகோ ஆப்பை இறக்கி, என் கணக்கில் நுழைந்தால் புதுப் பெட்டி அமைக்கவா என்று கேட்டதே தவிர, வீட்டு நெட்வொர்க் எங்குமே தெரியவில்லை. அப்போதுதான் புரிந்தது: நிறுவும்போது எந்தக் கணக்கில் ஆப் திறந்திருந்ததோ அந்தக் கணக்குதான் `Owner`. பெட்டிக்குக் காசு கொடுத்தது நாங்கள். உரிமையாளர் டெக்னீஷியனின் கடை.

தேடிப் பிடித்துப் பேசினேன். "அக்கா, நான் இப்போ ரியாத்துல இருக்கேன். கடையை மூடியாச்சு. அது கடை மெயில்ல போட்டது, பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்குன்னே தெரியல" என்றார். நல்ல மனிதர், அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தக் கணக்கு யார் கையில் இருந்தாலும், உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் எங்கள் வீட்டில் எந்தெந்தப் போன், எந்தக் கேமரா இணைந்திருக்கிறது என்று பார்க்கலாம், ஒன்றைத் துண்டிக்கலாம், வைஃபை பாஸ்வேர்டை மாற்றலாம். வயதானவர்கள் இருவர் மட்டும் இருக்கும் வீடு. இதைக் கேட்ட பிறகு எனக்கு நிம்மதியில்லை.

உரிமையாளர் கணக்கு திறந்தால் நம்மை `Manager` ஆகச் சேர்க்கச் சொல்லலாம். அன்றாட வேலைக்கு அது போதும். ஆனால் சேர்த்தவர் நினைத்தால் நீக்கிவிடலாம், நாம் அவரை நீக்க முடியாது. எங்களுக்கு அந்த வழியும் அடைபட்டிருந்ததால் மிஞ்சியது ரீசெட்தான்.

ரீசெட் என்பது குண்டூசி வேலை. அதற்கு முன்னால் செய்யும் தயாரிப்புதான் பெரிய வேலை. டெகோவுக்குள் டெக்னீஷியன் என்ன எழுதி வைத்திருந்தாரோ அது எல்லாம் அழியும், அழிந்ததை உள்ளே போய்ப் பார்க்கவும் வழியில்லை. எனவே வெளியிலிருந்தே கண்டுபிடிக்க வேண்டும். முதல் கேள்வி, ஃபைபர் பெட்டியிலிருந்து இணையம் நேராக வருகிறதா, அல்லது டெகோதான் `PPPoE` யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போகிறதா? இதைத் தெரிந்துகொள்ள, டெகோவுக்குப் போகும் லேன் கேபிளைப் பிடுங்கி என் விண்டோஸ் லேப்டாப்பில் செருகினேன். கட்டளைத் திரையில் இதை அடித்தேன்:

```
ipconfig
```

`Ethernet` பகுதியின் `IPv4 Address` வரியில் 192.168.1 போல ஒரு முகவரி வந்து இணையமும் ஓடினால், ஃபைபர் பெட்டியே ரவுட்டராக வேலை செய்கிறது, கவலை இல்லை. எனக்கு வந்தது 169.254 என்று தொடங்கும் முகவரி. கேட்டதற்கு எதிர்ப்பக்கம் பதில் சொல்ல ஆளில்லை என்று அதற்கு அர்த்தம். ஆக, பெரும்பாலும் டெகோதான் `PPPoE` போடுகிறது. கேபிள்காரரிடம் பேசி யூசர்நேமைக் கேட்டு, பாஸ்வேர்டைப் புதிதாக மாற்றி வாங்கி, இரண்டையும் காகிதத்தில் எழுதிய பிறகுதான் குண்டூசியைக் கையில் எடுத்தேன்.

இன்னொன்றும் பார்த்தேன். சிசிடிவி டிவிஆரின் நெட்வொர்க் திரையில் முகவரி கையால் போட்டதாக இருந்தது, 192.168.68 வரிசையில். டெகோ ரீசெட் ஆன பிறகும் இயல்பாக அதே வரிசையைத்தான் தரும் என்பதால் அதைத் தொடவில்லை. அந்த எண் வேறு வரிசையில் இருந்திருந்தால் டிவிஆரிலும் மாற்ற வேண்டியிருக்கும்.

மூன்று பெட்டிகளையும் ஹால் மேசைக்குக் கொண்டுவந்தேன். ஹாலில் இருப்பதை மட்டும் ரீசெட் செய்தால் போதாது. மற்ற இரண்டும் பழைய நெட்வொர்க்கையே நினைத்துக்கொண்டு சிவப்பு விளக்கோடு நிற்கும். ஒவ்வொன்றின் அடியிலும் இருக்கும் சின்னத் துளையில் விளக்கு மஞ்சளாகும் வரை அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் மூன்றும் நீலமாகத் துடிக்க ஆரம்பித்தன. அந்த நீலம்தான் ‘நான் யாருடையவனும் இல்லை’ என்பதற்கு அடையாளம்.

இங்கேதான் தவறு செய்தேன். மூன்று பெட்டியும் ஒரே மாதிரி, நான் குறி போடவில்லை. கைக்கு வந்ததை ஃபைபர் பெட்டியில் செருகி, அப்பாவின் மெயிலில் தொடங்கிய கணக்கில் அமைத்து, யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் சரியாகக் கொடுத்தும் இணையம் வரவில்லை. விளக்கு சிவப்பு. ஒரு மணி நேரம் பாஸ்வேர்டையே திரும்பத் திரும்ப அடித்தேன். கடைசியில் கேபிள்காரர் அவர் திரையைப் பார்த்துச் சொன்னார்: "மேடம், வேற மேக் முகவரி காட்டுது. பழைய பெட்டிக்குத்தான் இங்க லாக் போட்டிருக்கு." மேக் முகவரி என்பது பெட்டியின் அடையாள எண், ஒவ்வொரு டெகோவுக்கும் தனி. நான் செருகியது மாடிப் பெட்டி. அவர் லாக்கை எடுத்துவிட்ட அடுத்த நிமிடம் விளக்கு பச்சையானது. முதலிலேயே ஹால் பெட்டியின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டியிருந்தால் அந்த ஒரு மணி நேரம் போயிருக்காது.

மற்ற இரண்டையும் ஆப்பில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தேன், மேசையிலேயே பக்கத்தில் வைத்து. பச்சை வந்த பிறகு பிடுங்கி அதனதன் இடத்தில் வைத்தேன், தானாகவே ஒட்டிக்கொண்டன.

வைஃபை பெயர், பாஸ்வேர்டு விஷயத்தில் நிறைய யோசித்தேன். பழையதையே எழுத்து மாறாமல் கொடுத்தால் டிவி, இன்வெர்ட்டர், வாசல் கேமரா எல்லாம் எதுவும் நடக்காதது போல வந்து இணைந்துவிடும். ஆனால் பக்கத்துப் பையன்களும் இணைவார்கள். அதனால் முதல் நாள் பழையதையே கொடுத்து எல்லாம் ஓடுகிறதா என்று உறுதி செய்தேன். மறுநாள் காலை புதிய பாஸ்வேர்டு போட்டு, ஒவ்வொரு பொருளாக மாற்றினேன். இரண்டையும் ஒரே நாளில் செய்திருந்தால் வாசல் கேமரா வராததற்கு ரீசெட் காரணமா, பாஸ்வேர்டு காரணமா என்று தெரிந்திருக்காது. கேமராவுக்குத் தனி ஆப், தனி கணக்கு. அதுவும் கடை மெயிலில்தான் இருந்தது, தனியாக மாற்றினேன். மெஷ்ஷை மீட்டதும் கேமராவும் மீண்டுவிட்டதாக நினைத்துவிடக் கூடாது.

இது டெகோவின் கதை. சில மெஷ்களில் பெட்டியின் சீரியல் எண்ணே நிறுவனத்தின் கிளவுடில் முந்தைய கணக்கோடு கட்டப்பட்டிருக்கும். அங்கே ரீசெட் செய்தாலும் பழைய உரிமையாளர் தன் ஆப்பிலிருந்து நீக்க வேண்டும், அல்லது பில்லோடு வாடிக்கையாளர் சேவையை அணுக வேண்டும். பழைய பெட்டி வாங்குகிறவர்கள், விற்பவர் எதிரிலேயே அவர் ஆப்பிலிருந்து நீக்கச் சொல்லிப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

14 மாதம் ஆகிறது. இப்போது உரிமையாளர் கணக்கு அப்பாவின் மெயிலில் இருக்கிறது, நான் `Manager`. என் மெயிலில் வைத்திருந்தால் இன்னொரு டெக்னீஷியனாகத்தான் நான் இருந்திருப்பேன். போன மாதம் கேபிள்காரர் நிறுவனம் மாறிப் புது யூசர்நேம் கொடுத்தபோது, சென்னையிலிருந்து நான் போனில் சொல்லச் சொல்ல அப்பாவே ஆப்பைத் திறந்து மாற்றினார். யூசர்நேம் எழுதிய காகிதம் ஃபைபர் பெட்டியின் பின்னால் டேப்போடு ஒட்டியிருக்கிறது. ஹால் பெட்டியின் தலையில் சிவப்பு டேப்பும்.