லைட், பூ கட்டுகிற டிரஸ் சட்டத்தை வாடகைக்கு எடுக்கிறவர்களே, "ஒரு பை" என்று எழுதிக்கொடுத்தால் வண்டியை எடுக்காதீர்கள்

14,500 ரூபாய் போயிருக்கிறது. கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கடை பெயரைப் போடவில்லை. மதுரைப் பக்கம் டிரஸ், லைட் எல்லாம் வாடகைக்கு விடுகிற ஒரு குடோன், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

மேலூரில் ஒரு கல்யாணம், ஆறு முதல் ஏழரை முகூர்த்தம். பூக்காரர்கள் நாலு மணிக்கு வந்துவிடுவார்கள், அதற்குள் மேடைக்குப் பின்னால் டிரஸ் நின்றாக வேண்டும். 20 அடி அகலம், 10 அடி உயரம், கோல் போஸ்ட் மாதிரி. தூண் இரண்டு, மூலைக் கட்டை இரண்டு, மேலே இரண்டு துண்டு. தூணுக்கும் மூலைக்கும் இரண்டு இணைப்பு, மூலைக்கும் மேல் துண்டுக்கும் இரண்டு, நடுவில் ஒன்று, ஆக ஐந்து. சதுர டிரஸில் மூலைக்கு ஒன்றாக நாலு குழாய், அதனால் ஒரு இணைப்புக்குக் குழாயையும் குழாயையும் சேர்க்கிற கோன் நாலு வேண்டும், ஐந்துக்கு 20. ஒரு கோனுக்கு இரண்டு பின் என்றால் 40, அப்புறம் அடித்தட்டுகளில் முடுக்கி வருகிற அரைக் கோன்களுக்கு 8, மொத்தம் 48 பின், பின் கழலாமல் பிடிக்கிற ஆர் கிளிப்பும் அதே அளவு. இதைக் கணக்குப் போட்டுத்தான் நான் ஆர்டரே கொடுத்தேன், வாட்ஸ்அப்பில் இருக்கிறது.

ராத்திரி பத்து மணிக்கு சின்ன யானையில் ஏற்றினோம். நீளமான சாமானை எல்லாம் என் கண் முன்னால் எண்ணித்தான் ஏற்றினார்கள். கோனும் பின்னும் ஒரு சாக்குப் பையில், வாய் தைத்து வந்தது. பிரிக்கப் போனபோது அந்த குடோன் ஆள், "அண்ணே, சாயங்காலம் நானே எண்ணித் தச்சு வச்சேன், பிரிச்சா வழியில கொட்டிரும், பின் ஒண்ணு தொலைஞ்சாலும் நீங்கதான் கட்டணும்" என்றார். என் மேல் அக்கறைப்பட்டுச் சொல்கிற மாதிரியே இருந்தது. டீ வேறு வாங்கிக் கொடுத்தார். சலானில் "கோன், பின் – 1 பை" என்று எழுதியிருந்தது. முன்பணம் 10,000.

மூன்று மணிக்கு மண்டபத்தில் பையைப் பிரித்தால் உள்ளே 12 கோன். வண்டி முழுக்கத் தார்ப்பாயை உதறிப் பார்த்தாயிற்று, இல்லை. அந்த ஆளுக்குப் போன் போட்டால் தூக்கக் கலக்கத்தில் சொல்கிறார்: "ஒரு ஜாயின்ட்டுக்கு ரெண்டு போடுங்கண்ணே, நிக்கும்." நிற்குமாம்! நாலு குழாய் தாங்க வேண்டிய எடையை இரண்டு குழாயில் ஏற்றி, மேலே லைட்டும் ஈரப் பூவும் கட்டி, அதற்குக் கீழே பொண்ணு மாப்பிள்ளையை உட்கார வைக்கச் சொல்கிறார். நடு இணைப்பு திறந்துகொண்டால் யார் பொறுப்பு?

பக்கத்து ஊரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிற ஒருவரை எழுப்பி எட்டு கோன் வாங்கினேன். வண்டி, ஆள் கூலி எல்லாம் சேர்த்து 4,500. அந்த நேரத்தில் வந்தாரே, அவருக்கு அது நியாயமான காசுதான். பூக்காரர்கள் காத்திருக்க, ஐந்தரைக்கு எப்படியோ முடிந்தது.

இதோடு விட்டிருந்தால் இந்தப் பதிவே போட்டிருக்க மாட்டேன். சாமானைத் திருப்பிக் கொடுக்கப் போனால் அதே பையை எண்ணி, "எட்டு கோன் குறையுது" என்று முன்பணம் 10,000-ஐயும் பிடித்துக்கொண்டார்கள். கொடுக்காத சாமானுக்குக் காசு! ராத்திரி போன் பண்ணியதைச் சொன்னால், "அதெல்லாம் எனக்குத் தெரியாது, ஓனர்கிட்ட பேசுங்க." ஓனர் வெளியூரில். அடுத்த தடவை பூஜையில் இருக்கிறார். கடைசியாகக் கிடைத்தபோது, "நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்கல்ல தம்பி, நானா போடச் சொன்னேன்" என்று வைத்துவிட்டார். நான் அனுப்பிய படங்களில் நீல டிக் விழுந்திருக்கிறது, பதில்தான் இல்லை. 10,000-மும் 4,500-மும், 14,500. அந்த வேலையில் எனக்கு நின்றிருக்க வேண்டிய லாபமே ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஏற்றும்போது பார்க்க வேண்டியதை முழுப் பட்டியலாகப் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இது மட்டும். இணைப்பை எண்ணி நாலால் பெருக்குங்கள், அந்த எண்ணைச் சலானில் எழுத வையுங்கள், "1 பை" என்றால் கையெழுத்து கிடையாது. பையைக் குடோன் தரையிலேயே கொட்டி, பத்துப் பத்தாக அடுக்கிப் படம் எடுங்கள். ஒரு இணைப்பை அங்கேயே மாட்டிப் பாருங்கள், வேறு கம்பெனி கோன் கலந்திருந்தால் பின் துளை ஒத்துவராது. கோன் பையும் சுத்தியலும் டிரைவர் பக்கத்தில், பின்னால் போட்டால் கம்பளத்துக்கு அடியில் போய்விடும். கம்பளமும் அடித்தட்டும் கடைசியாக ஏற்றுங்கள், இறங்க வேண்டியது அவைதான் முதலில்.

தைத்த பை கொடுக்கிற குடோன் உங்கள் பக்கமும் இருந்தால் ஊரை மட்டும் கீழே சொல்லுங்கள், பெயர் வேண்டாம்.