மூன்று வருடம் பயன்படுத்திய பில்லிங் மென்பொருள்: மாதக் கடைசி நாள் எங்கே போனது?

எங்கள் ஹார்டுவேர் கடையில் மூன்று வருடமாக ஒரே பில்லிங் மென்பொருள்தான். பில் வேகமாக விழும், ஸ்டாக் கணக்கும் நம்பலாம். ஆனால் தேதி கொடுத்து விற்பனை அறிக்கை எடுக்கும் இடத்தில் ஒரு பிழை இருந்தது. அது தெரியவே எனக்கு இத்தனை நாள் ஆனது.

ஆடிட்டருக்கு வழக்கமாக தினசரி குளோசிங் தாள்களைத்தான் அனுப்புவேன். 2024 செப்டம்பருக்கு முதல்முறையாக 01-09 முதல் 30-09 வரை என்று கொடுத்து அறிக்கை எடுத்தேன். தாள்களின் கூட்டுத்தொகையை விட 14,340 ரூபாய் குறைவாக வந்தது. 30-ம் தேதி விற்பனை 15,590 ரூபாய். அறிக்கையிலோ அந்த நாளுக்கு 1,250 ரூபாய்க்கு ஒரே ஒரு பில்தான் இருந்தது. அந்த ஒன்று இருந்ததால்தான், நாளே விடுபட்டது என்று உடனே தோன்றவில்லை.

மென்பொருள் நிறுவனத்துத் தம்பி இணைப்பில் வந்து, உள்ளே ஓடும் வரியைக் காட்டினார்:

```sql
WHERE bill_time BETWEEN '2024-09-01' AND '2024-09-30'
```

பில்லில் தேதியோடு நேரமும் பதிவாகிறது. நாம் கொடுக்கும் 30-ம் தேதியில் நேரம் இல்லை. அதனால் டேட்டாபேஸ் அதை 30-ம் தேதி 00:00:00, அதாவது அந்த நாள் பிறக்கும் நள்ளிரவு, என்று எடுத்துக்கொள்கிறது. காலை 9 மணிக்குப் போட்ட முதல் பில்லே அதைத் தாண்டிவிட்டது. அந்த 1,250 ரூபாய் பில் கரண்ட் இல்லாதபோது கையால் எழுதி, அப்புறம் ஏற்றியது. நேரம் இல்லாததால் அதுவும் 00:00:00 என்றே பதிவாகி, உள்ளே வந்துவிட்டது.

"அண்ணா, இப்போதைக்கு கடைசித் தேதியை ஒரு நாள் தள்ளிக் கொடுங்க" என்றார். 01-10 கொடுத்தேன். 30-ம் தேதி முழுதாக வந்தது. கூடவே அக்டோபர் 1-ல் கையால் ஏற்றிய 2,100 ரூபாய் பில்லும் வந்தது, அதே நள்ளிரவுக் காரணத்தால். அதைக் கழித்துவிட்டுத்தான் 11-ம் தேதிக்குள் GSTR-1 தாக்கல் செய்தோம். ஒரு நாள் தள்ளுவது அவசரத்துக்கு உதவும். கூட்டுத்தொகையை அப்படியே நம்பக் கூடாது.

இரண்டு மாதம் கழித்து வந்த அப்டேட்டில் சரியாகத் திருத்தினார்கள்:

```sql
WHERE bill_time >= '2024-09-01'
  AND bill_time <  '2024-10-01'
```

இதில் அடுத்த நாளின் நள்ளிரவே எல்லை, அந்த நள்ளிரவு சேராது. நாம் திரையில் 30-09 என்றே கொடுக்கலாம், ஒரு நாள் கூட்டுவதை மென்பொருளே பார்த்துக்கொள்கிறது.

உங்கள் மென்பொருளில் இந்தப் பிழை இருக்கிறதா என்று பார்க்க, நிறைய பில் போட்ட ஒரு நாளை இரண்டு பக்கமும் கொடுங்கள். 12-09 முதல் 12-09 வரை என்று கேட்டு, அறிக்கை காலியாகவோ ஒன்றிரண்டு பில்லோடோ வந்தால் இதே கோளாறுதான்.

விற்பனை அறிக்கையை இப்போது நம்பி எடுக்கிறேன். வாடிக்கையாளர் பாக்கிக் கணக்கில் மட்டும் பழைய வரி இன்னும் ஓடுகிறது. அங்கே கடைசி பில் எண்ணை பில் புத்தகத்தோடு ஒப்பிட்ட பிறகே பாக்கி கேட்கிறேன்.