மால்ட் பானம், புரோட்டீன் பவுடர், மூலிகை டீ: கர்ப்பம் முழுக்கக் குடித்துப் பார்த்ததில் தெரிந்தவை

கர்ப்பமாக இருக்கும் தோழி ஒருத்தி இரண்டு டப்பாக்களைப் படமெடுத்து அனுப்பி, "நீ ரெண்டையும் குடிச்சவதானே, எதை வாங்கட்டும்?" என்று கேட்டாள். ஒன்று மால்ட் பானம், இன்னொன்று கர்ப்பிணிகளுக்கென்றே விற்கிற புரோட்டீன் பவுடர். அவளுக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுவிட்டது. வேறு யாருக்காவது உதவட்டும் என்று இங்கே போடுகிறேன்.

மால்ட் பானத்தின் மேல்தான் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. சுவையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கோபமெல்லாம் டப்பாவின் முன்பக்கத்தில் இருந்த ஒரு வரி மேல்: "ஒரு கிளாஸில் 10 கிராம் புரதம்". டப்பாவைத் திருப்பினால் அட்டவணையில் மூன்று பத்திகள் இருக்கும். 100 கிராம் தூளில் புரதம் 11 கிராம். ஒரு வேளைக்கான 30 கிராம் தூளில் 3.3 கிராம். கடைசிப் பத்தி, அதே 30 கிராமை 200 மில்லி பாலில் கலந்தால் என்பது, அதில் 9.8. முன்பக்க வரி இந்தக் கடைசிப் பத்தியிலிருந்து வந்தது. வெறும் பாலைக் குடித்தாலே ஆறரை கிராம் புரதம் கிடைத்துவிடும். அதையும் தூள் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. வெந்நீரில் கலக்கிக் குடிக்கிறவர்களுக்குக் கிடைப்பது 3.3 மட்டுமே.

இது போதுமா போதாதா என்பது எத்தனையாவது மாதம் என்பதைப் பொறுத்தது. கர்ப்ப காலத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாக வேண்டிய புரதத்தை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இப்படிச் சொல்கிறது: முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 1 கிராம், அடுத்த மூன்றில் 9, கடைசி மூன்றில் 28. ஆரம்பத்தில் இந்தத் தூள் இல்லாவிட்டாலும் பெரிதாகக் குறையாது. கடைசியில் இதை நம்பி இருக்கவே முடியாது.

அடுத்து சர்க்கரை. மூலப்பொருள் பட்டியலில் எடை அதிகமுள்ளதுதான் முதலில் வரும். என் டப்பாவில் மால்ட் சாறு, சர்க்கரை, கோதுமை மாவு, பால் பவுடர், மால்டோடெக்ஸ்ட்ரின், கோகோ என்ற வரிசை. முதல் இரண்டுமே இனிப்புதான். அட்டவணைப்படி 100 கிராமுக்கு 36 கிராம் சர்க்கரை, 30 கிராமுக்குக் கிட்டத்தட்ட 11. ஆனால் அந்த 30 கிராமை யார் எடை போட்டு எடுக்கிறார்கள்? சமையலறைத் தராசில் கிளாஸை வைத்து, வழக்கம்போல் மூன்று ஸ்பூன் குவித்துப் போட்டுப் பார்த்தேன். 40 கிராமைத் தாண்டியது. சர்க்கரையும் 14 கிராமுக்கு மேலே போய்விட்டது.

"சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று எழுதிய வகையை வாங்கினால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். அங்கே பார்க்க வேண்டிய பெயர் மால்டோடெக்ஸ்ட்ரின். மாவுச்சத்தை உடைத்துச் செய்கிற குளுக்கோஸ் சங்கிலி அது. சங்கிலியாக இருப்பதால் பெரும்பாலும் அட்டவணையின் சர்க்கரை வரிசையில் சேராது, கார்போஹைட்ரேட் வரிசைக்குப் போய்விடும். வயிற்றுக்குள் போனதும் சீக்கிரமே குளுக்கோஸாகிவிடும். கர்ப்பகாலச் சர்க்கரை நோய் இருந்த என் நாத்தனார் இந்த வகையைக் குடித்த நாட்களில் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 140-ஐத் தாண்டிவிடும்; பொதுவாக அதற்குக் கீழே வைத்திருக்கச் சொல்வார்கள். வெறும் பால் குடித்த நாட்களில் தாண்டவில்லை. அதனால் சர்க்கரை வரிசையோடு நிறுத்தாமல் மொத்த கார்போஹைட்ரேட்டையும் பாருங்கள். மால்ட் பார்லியிலிருந்து வருவதால், குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது எந்த வகையிலும் ஆகாது.

புரோட்டீன் பவுடர் விஷயத்தில் எனக்குக் குறை குறைவு. என் டப்பாவின் பட்டியல் சின்னது; முதலில் பால் புரதம், கடைசியில் வைட்டமின் கலவை. பட்டியலில் கிளைசின், டாரின் என்று தனியாக அமினோ அமிலப் பெயர்கள் இருந்தால் யோசியுங்கள். புரதத்தை நேரடியாக அளப்பது அரிது. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குவார்கள். மலிவான அமினோ அமிலத்தைக் கலந்தால் அந்த எண் ஏறும், நல்ல புரதம் ஏறாது. ஜிம்முக்குப் போகிறவர்கள் குடிக்கும் பவுடரைக் கர்ப்பத்தில் எடுக்க வேண்டாம். அதில் காஃபீனும் மூலிகைச் சாறுகளும் அளவு சொல்லாமல் "கலவை" என்ற ஒரே பெயரில் ஒளிந்திருக்கலாம். இன்னொன்று, உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டுதல் ஊட்டக்குறைவு உள்ள இடங்களில்கூட ஆற்றலும் புரதமும் சமச்சீராக உள்ள உணவையே பரிந்துரைக்கிறது. புரதத்தை மட்டும் தூக்கிக் கொடுக்கும் வகையைப் பரிந்துரைக்கவில்லை.

பவுடரில் நான் அதிக நேரம் செலவிட்டது வைட்டமின் ஏ வரிசையில். ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ நாளுக்கு 3000 மைக்ரோகிராமை, அதாவது 10,000 ஐ.யூ.-வைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கருவின் உறுப்புகள் உருவாகும் மாதங்களில் ஆபத்து. நான் எடுத்த வைட்டமின் மாத்திரையின் அட்டையில் 2500 ஐ.யூ. என்றிருந்தது. 0.3-ஆல் பெருக்கினால் 750 மைக்ரோகிராம். பவுடர் இரண்டு ஸ்கூப்பில் 600, மால்ட் இரண்டு கிளாஸில் 300. மொத்தம் 1650. வரம்புக்குள்தான். ஆனால் இதன் மேல் யாராவது நல்லதென்று மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையும் கொடுத்தால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். வைட்டமின் ஏ பீட்டா கரோட்டின் வடிவில் என்று எழுதியிருந்தால் அதை இந்தக் கூட்டலில் சேர்க்க வேண்டாம்.

இரும்புச்சத்து மாத்திரையை இந்த இரண்டில் எதோடும் விழுங்காதீர்கள். பாலின் கால்சியமும் கோகோவும் இரும்பை உடலில் முழுதாகச் சேரவிடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். டப்பாவில் "இரும்பு நிறைந்தது" என்று இருப்பதால் மாத்திரையை நிறுத்துவது அதைவிடத் தவறு. டாக்டர் கொடுப்பது பெரும்பாலும் 30 முதல் 60 மில்லிகிராம், கிளாஸில் இருப்பதோ சில மில்லிகிராம்.

மூலிகை டீயை நான் சீக்கிரமே விட்டுவிட்டேன், ஏனென்றால் லேபிளில் படிக்க ஒன்றுமே இல்லை. பெயர்கள் மட்டும் உண்டு, எது எவ்வளவு என்று இல்லை. "உடல் சுத்தம்" என்று விற்கும் டீக்களில் பேதிக்குக் கொடுக்கும் சென்னா இலை இருப்பது சகஜம். அதிமதுர வேர் இனிப்புக்காகப் பல கலவைகளில் சேர்கிறது; அதிலுள்ள கிளைசிரைசின் காரணமாக, பின்லாந்தில் கர்ப்பிணிகளுக்கு அதிமதுரத்தைப் பரிந்துரைப்பதில்லை. கிரீன் டீ கலந்திருந்தால் காஃபீனும் உண்டு. அது காபியோடு சேர்த்து நாளின் 200 மில்லிகிராம் வரம்பில் வரும். இஞ்சி மட்டும் போட்ட டீ எனக்கு ஒத்துக்கொண்டது.

எந்த லேபிளும் சொல்லாத ஒன்றும் உண்டு: ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள். தாவரப் புரதத்திலும் கோகோவிலும் இவை வர வாய்ப்பு அதிகம். வெளி ஆய்வகத்தில் ஒவ்வொரு தொகுதியையும் சோதித்து முடிவை வெளியிடுகிற நிறுவனமா என்று தேடிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கணக்குப் போட்டால் பவுடர்தான் ஜெயிக்கிறது. ஆனாலும் தோழிக்கு நான் சொன்னது மால்ட் பானத்தை. அவளுக்கு இப்போது இரண்டாம் மாதம், சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகிறது, சர்க்கரை அளவு சரியாக இருக்கிறது. எனக்கும் அந்த மாதங்களில் காலையில் வயிற்றில் தங்கியது அது ஒன்றுதான். பவுடரின் வாசனையே குமட்டியது. அந்த முன்பக்க வரியை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது, ஆனாலும் சின்ன டப்பாவாக ஒன்று வாங்கச் சொல்லிவிட்டேன். தராசில் 30 கிராம் நிறுத்து அது எத்தனை ஸ்பூன் வருகிறது என்று பார்த்துக்கொள்ளவும், வாந்தி நின்றதும் பவுடரின் லேபிளையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகவும் சொல்லியிருக்கிறேன்.