டோஸ் கணக்கு: சூத்திரமா, அலகுச் சங்கிலியா?

மருந்தளவுப் பயிற்சித் தாளைச் சரிபார்ப்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. தமிழ்நாட்டில் நர்சிங் முடித்து இங்கே வார்டில் வேலை பார்க்கும் அக்கா சூத்திரக் கட்சி. நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் தாதிமை படிக்கும் அவர் மகள் அலகுச் சங்கிலிக் கட்சி.

ஊசி மருந்துக்கு அக்கா சொல்வதே சரி. ஜென்டாமைசின் 60 மில்லிகிராம் தேவை, கையில் 2 மில்லிலிட்டரில் 80 மில்லிகிராம் இருக்கிறது. தேவையை இருப்பால் வகுத்து, 2-ஆல் பெருக்கினால் 1.5 மில்லிலிட்டர். இதற்குச் சங்கிலி வேண்டியதில்லை.

சிரிஞ்ச் பம்ப் கணக்கில்தான் சூத்திரம் திணறுகிறது. நோயாளியின் எடை 62 கிலோ. டோபமின் கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம் போக வேண்டும். 200 மில்லிகிராம் மருந்தை மொத்தம் 50 மில்லிலிட்டராகக் கரைத்திருக்கிறார்கள், அதாவது மில்லிலிட்டருக்கு 4 மில்லிகிராம். பம்ப் கேட்பதோ மணிக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று. நிமிடத்தை மணியாக்க 60, மைக்ரோகிராமை மில்லிகிராமாக்க 1000. சூத்திரத்தில் இவை இரண்டுக்கும் இடமே இல்லை. நாம்தான் ஞாபகமாகச் சேர்க்க வேண்டும். சங்கிலியில் ஒவ்வோர் எண்ணோடும் அலகையும் எழுதி வெட்டிக்கொண்டே போவதால், 60-ஐ விட்டால் கடைசியில் நிமிடம் வெட்டுப்படாமல் நிற்கும். தவறு கண்ணில் பட்டுவிடும்.

```
5 × 62 × 60 ÷ 1000 ÷ 4 = 4.65
```

தசமத்துக்குப் பின் ஓரிடம் என்று தாள் சொன்னால் விடை 4.7. சொட்டு எண்ணிக்கை கேட்டிருந்தால் முழு எண். எதுவானாலும் முழுமையாக்குவது கடைசியில் ஒரே ஒரு முறை. நடுவில் மணிக்கு 18.6 மில்லிகிராம் என்று வருவதை 19 ஆக்கிவிட்டால் 4.75 வந்து, அது 4.8 ஆகிவிடும். படிப்படியாகப் போடுகிறவர்களுக்கு இந்தச் சபலம் அதிகம். ஒரே வரியில் போனால் குறைவு.

ஆனால் சரிபார்ப்பு என்று வந்தால் இரண்டையும்விடத் தலைகீழ்க் கணக்கையே நம்புவேன். போட்ட வழியிலேயே மறுபடி போட்டால் அதே தவறுதான் திரும்பும். 4.7-ஐ 4-ஆல் பெருக்கினால் மணிக்கு 18.8 மில்லிகிராம், அதாவது 18,800 மைக்ரோகிராம். அதை 60-ஆலும் 62-ஆலும் வகுத்தால் 5.05. மருத்துவர் எழுதியது 5. முழுமையாக்கியதால் வந்த வித்தியாசம் மட்டும்தான்.

இதற்கும் ஒரு ஓட்டை உண்டு. அந்த 200 மில்லிகிராம் வந்தது 5 மில்லிலிட்டர் ஆம்பூலில், அதாவது மில்லிலிட்டருக்கு 40. கரைத்த பிறகுதான் அது 4. ஆம்பூலைப் பார்த்து 40 என்று போட்டால் விடை 0.5, உண்மையில் போகவேண்டியதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதே 40-ஐ வைத்துத் தலைகீழாகப் போனால் 5.4 வரும். பார்த்தால் பக்கத்தில் இருப்பதுபோல்தான் தோன்றும். அலகுகளும் ஒழுங்காக வெட்டுப்பட்டிருக்கும். ஆகவே செறிவை மட்டும் முதல் கணக்கிலிருந்து எடுக்காமல், கேள்வியிலிருந்தே 200-ஐ 50-ஆல் வகுத்துப் புதிதாக எழுதிக்கொள்ளுங்கள். அப்போது 0.5-க்குத் தலைகீழ் விடை 0.54 என்று வந்து விழும்.