ஆறு வருடமாகத் தங்கும் ஓட்டல், ஒரு தவறான பில், திரும்பி வந்த 1,050 ரூபாய்

ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் சாயங்காலமே சூடு பிடித்துவிடும். அதற்காக ஆறு வருடமாக மாதம் ஒரு தடவை பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரே ஓட்டலில்தான் தங்குகிறேன். அறை சுத்தம், வெந்நீர் தவறாது, நடுராத்திரி துணி மூட்டையோடு வந்தாலும் முகம் சுளிக்காமல் கதவு திறப்பார்கள். போன மாதம்தான் முதல் தடவையாகப் பில்லில் தப்பு வந்தது.

புதன் காலை அவசரத்தில் 3,990 ரூபாயை யூபிஐயில் போட்டுவிட்டுக் கிளம்பினேன். பஸ் கொடுமுடி தாண்டும்போது பில்லைப் பிரித்தால், நான் கேட்காத எக்ஸ்ட்ரா பெட்டுக்கு இரண்டு இரவு வாடகை.

உடனே போன் செய்தேன். வரவேற்பில் இருந்த பையன், "பில்லு க்ளோஸ் பண்ணியாச்சுங்ண்ணா, ஜிஎஸ்டி பில்லு, இனி மாத்த முடியாதுங்களே" என்றான். முடியும். போட்ட பில்லை அழிக்க வேண்டியதில்லை. கூடுதலாக வாங்கிய தொகையையும் அதன் வரியையும் கழித்துக் காட்டும் கிரெடிட் நோட் போட்டால் கணக்கு நேராகிவிடும். கடை வைத்திருப்பதால் எனக்கு இது தெரியும். போனில் சொன்னது ஷிஃப்ட் மாறினால் மறந்துபோகும் என்று அன்று மாலையே மேலாளருக்கு ஈமெயிலில் எழுதினேன்:

"ஐயா, வணக்கம். திங்கள் மதியம் முதல் புதன் காலை வரை 204ஆம் அறையில் நான் ஒருவன் மட்டும் தங்கினேன். பில்லில் எக்ஸ்ட்ரா பெட் என்று 1,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. நான் அதைக் கேட்கவில்லை, அந்தப் பெட் அறைக்கு வரவும் இல்லை. தங்கும் பதிவேட்டிலும் ஒருவர் என்றே இருக்கும். அறை வாடகை 2,800, ஜிஎஸ்டி 5 சதவீதம் 140, ஆக 2,940தான் வர வேண்டும். மீதி 1,050 ரூபாயை நான் பணம் கட்டிய அதே கணக்குக்கு ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்பி, கிரெடிட் நோட்டும் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பில்லும், பரிவர்த்தனை எண் தெரியும் ரசீதும் இணைத்துள்ளேன். அவசரத்தில் நடந்த தவறு என்றே நினைக்கிறேன். இதற்காக யார் சம்பளத்திலும் பிடிக்க வேண்டாம்."

அந்தக் கடைசி வரியை யோசித்துத்தான் சேர்த்தேன். அந்தப் பையன் ராத்திரி முழுக்க நின்று வேலை பார்க்கிறவன். வரி 50 ரூபாயையும் சேர்த்தே கேட்டதற்குக் காரணம் உண்டு. பலர் 1,000 மட்டும் கேட்டு, அதற்குப் போட்ட வரியை விட்டுவிடுகிறார்கள்.

மறுநாள் மேலாளரே கூப்பிட்டார். "304ல குடும்பத்தோட வந்தவங்களுக்குப் போட்ட பெட்டுங்க, எண் மாறி உங்க பில்லுல ஏறிருச்சு. மன்னிச்சுக்கோங்க" என்றார். நான்காம் நாள் பணம் வந்தது. கிரெடிட் நோட்டுக்கு மட்டும் இன்னொரு தடவை நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

இந்த மாதமும் அங்கேதான் தங்கினேன். சாவியைக் கொடுக்கும் முன்பே பில்லை வாங்கி, அறை எண்ணையும் ஆள் கணக்கையும் பார்த்துவிட்டுத்தான் பணம் போட்டேன்.