ஒயரைக் கட்டுவதா, பொது ஃபைபர் பெட்டி வைப்பதா?

மதிப்பிற்குரிய சங்கக் குழுவினருக்கு, வணக்கம்.

இணையம் அடிக்கடி மந்தமாவதைச் சரிசெய்ய இரண்டு யோசனைகள் பேச்சில் இருக்கின்றன. ஒன்று, மாடிக்கு மாடி தொங்கும் ஒயர்களை ஒழுங்காகக் கட்டிவிடுவது. மற்றது, தரைத்தளத்தில் எல்லா இணைய நிறுவனங்களுக்கும் பொதுவான ஃபைபர் பெட்டி ஒன்றை வைத்து, அங்கிருந்து வீட்டுக்கு ஒரு ஃபைபரை நிரந்தரமாக இழுப்பது. முதலாவது செலவு குறைவு, சீக்கிரம் முடிந்துவிடும். ஆனாலும் நான் கேட்பது இரண்டாவதைத்தான்.

எங்கள் நான்காம் தள வீட்டில் பழுது பார்க்க வந்தவர் ஒளி அளவைப் பார்த்தார். ஒளியின் வலிமையைக் காட்டும் டிபிஎம் கணக்கில் கீழே -19, வீட்டில் -27; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு. நடுவில் 8 டெசிபல் இழப்பு. அதாவது கிளம்பிய ஒளியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் வந்து சேர்கிறது. பெரும்பாலான வீட்டு ஃபைபர் மோடங்களுக்கு -27தான் விளிம்பு. அதைத் தொட்டால் தகவலில் பிழை கூடும், அனுப்பியதையே திரும்ப அனுப்ப வேண்டிவரும், வேகம் விழும். காரணத்தைத் தேடினால், ஒயர் போகும் அறையின் கதவு இடுக்கில் ஃபைபர் மடிந்து கிடந்தது. அதற்கு மேலே இன்சுலேஷன் டேப் சுற்றிய ஓர் ஒட்டு.

கட்டிவைப்பதால் அந்த ஒட்டு சரியாகாது. பிளாஸ்டிக் டையை இறுக்கினால் இன்னும் மோசம். சாதாரண ஃபைபரை 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைத்தாலே ஒளி கசியத் தொடங்கும். அடுத்த புது இணைப்புக்கு வருபவர் கட்டைப் பிரித்துத் தன் ஒயரையும் சொருகுவார். அப்புறம் பழைய கதைதான்.

பெட்டி வைத்தால் ஒட்டுகளை உருக்கி இணைக்கலாம். நன்றாகச் செய்த ஒட்டில் இழப்பு 0.1 டெசிபலுக்கும் குறைவு. கீழிருந்து வீடு வரை மொத்தமே ஒரு டெசிபலைச் சுற்றித்தான் போகும். ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டர் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித் தட்டில், ஒவ்வொரு முனையிலும் வீட்டு எண். நிறுவனத்தை மாற்றினால் பெட்டிக்குள் ஒரு சிறிய இணைப்பு ஒயரை மாற்றினால் போதும், படிக்கட்டில் புது ஒயர் ஏறாது. சிக்கலும் உண்டு: நம் ஃபைபரைப் பயன்படுத்த நிறுவனங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், அதை எழுத்தில் வாங்கிவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும். சாவி காவலரிடம் இருக்கட்டும். யார் திறந்தார், எந்த வீட்டுக்காக என்பது பதிவேட்டில் ஏற வேண்டும்.

எல்லா மந்தத்தையும் பெட்டி தீர்த்துவிடாது. லேப்டாப்பை லேன் கேபிளில் நேராக இணைத்தால் வேகம் சரியாக இருக்கிறதா? அப்படியானால் கோளாறு வீட்டு வைஃபையில். ஒளி அளவு நன்றாக இருந்தும், கேபிளில் இணைத்தும் மாலை நேரத்தில் மட்டும் விழுகிறதென்றால் அது நிறுவனத்தின் நெரிசல்.

ஆகவே, முடிவெடுக்கும் முன் தளத்துக்கு ஒரு வீடாவது தேர்ந்து, கீழும் வீட்டிலும் ஒளி அளவை எடுக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் இரண்டு, மூன்று டெசிபலைத் தாண்டும் வீடுகள் பலவாக இருந்தால் பெட்டிக்கு விலைப்புள்ளி கேளுங்கள்.

இப்படிக்கு,
நான்காம் தளக் குடியிருப்பாளர்