60,000 ரூபாய் போச்சு, வேலையும் போச்சு: "பத்து வருஷ சர்வீஸுக்கு மேல் கை வைக்க முடியாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்

போன வாரம் என் கணவரின் கையில் டிஸ்மிஸல் ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். அரசு அலுவலகத்தில் பதினொரு வருஷ சர்வீஸ். ஒரு படிப்பு மையத்தில் பணம் கட்டி, பரீட்சை எழுதி வாங்கிய டிகிரி. சான்றிதழின் உண்மைத்தன்மை கேட்டு அலுவலகம் அனுப்பியபோது, அந்தப் பதிவெண்ணே தங்களிடம் இல்லை என்று பல்கலைக்கழகம் எழுதிவிட்டது. மையம் இழுத்து மூடி வருஷக்கணக்காகிறது.

குற்றச்சாட்டைச் சொல்லி விளக்கம் கேட்கும் 17(பி) குறிப்பாணை வந்ததும், சர்வீஸ் கேஸ் பார்த்துத் தருகிறோம் என்று போர்டு மாட்டிய ஓர் ஆலோசனை அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் அவதார் சிங் வழக்கின் 2016 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஜெராக்ஸை எடுத்து வைத்தார். பணி நிரந்தரமானவரைத் துறை விசாரணை இல்லாமல் நீக்கக் கூடாது என்ற வரியில் மஞ்சள் கோடு. "பாத்தீங்களாம்மா, சார் கன்ஃபர்ம் ஆனவரு. குறிப்பாணைக்குப் பதிலே குடுக்காதீங்க, ஸ்டே வாங்கிடலாம்" என்றார். அந்த மஞ்சள் கோட்டைப் பார்த்துத்தான் வளையலை அடகு வைத்து 60,000 ரூபாய் கொடுத்தேன்.

அந்தத் தீர்ப்பு, கிரிமினல் வழக்கை மறைத்து வேலைக்குச் சேர்ந்தவர்களைப் பற்றியது. சின்ன வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கு என்றால் நிர்வாகம் மன்னிக்கலாம் என்கிறது. நிரந்தரமானவரை விசாரித்த பிறகு நீக்கு என்கிறதே தவிர, நீக்கவே முடியாது என்று எங்கேயும் சொல்லவில்லை. வேலைக்கு அடிப்படைத் தகுதியே அந்தச் சான்றிதழ்தான் என்றால் நிலைமை இன்னும் மோசம். போலி சாதிச் சான்றிதழ் வழக்கில் 2017-லேயே உச்ச நீதிமன்றம், நீண்ட நாள் வேலை பார்த்தது பாதுகாப்பு ஆகாது என்று சொல்லிவிட்டது. இதில் ஒன்றையும் அந்த ஆள் வாயைத் திறந்து சொல்லவில்லை.

பதில் போகாததால் ஒருதலைப்பட்சமாகவே விசாரணையை முடித்துவிட்டார்கள். ஃபோன் செய்தால் "சார் கோர்ட்ல இருக்காரு", அப்புறம் "நம்பர் ஆயிடுச்சு, லிஸ்ட்ல வரணும்". வழக்கு எண்ணைக் கேட்டால் லைன் கட். நேரில் போனால், 60,000 ரூபாயும் "ஃபைலிங் செலவு" என்கிறார்கள். ரசீதும் கிடையாது, போட்ட மனுவின் நகலும் கிடையாது. எங்கள் பீரோவில் அந்த மையத்தின் ஃபீஸ் ரசீதும் ஹால் டிக்கெட்டும் இன்னமும் இருக்கின்றன. இவர் தெரிந்து செய்யவில்லை என்று காட்ட எங்களிடம் இருந்ததே அவ்வளவுதான். அதை விசாரணை அதிகாரி கண்ணால்கூடப் பார்க்கவில்லை!

இந்த நிலையில் இருப்பவர்களுக்கு அவசரமாகச் சிலது. குறிப்பாணையில் போட்ட கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். பல்கலைக்கழகம் அனுப்பிய கடிதத்தின் நகலைக் கேளுங்கள், பதிவெண்ணைத் தப்பாக எழுதி அனுப்பியிருக்கிறார்களா என்று ஒத்துப்பாருங்கள். விசாரணைக்குக் கட்டாயம் போங்கள். வழக்கு எண் இல்லாமல் யாருக்கும் பணம் தராதீர்கள். எங்களுக்கு மேல்முறையீட்டுக் கெடு இன்னும் முடியவில்லை. நாளைக்கு ரசீதுகளோடு வேறொரு வக்கீலைப் பார்க்கிறோம், 60,000 ரூபாய்க்கு போலீஸில் புகாரும் கொடுக்கப் போகிறேன்.